நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்: எந்த எண்ணெய்க்குப் பதிலாக?

"வணக்கம். நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். ஏழு மாதமாக வீட்டில் செம்பனை எண்ணெயை நிறுத்திவிட்டு, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில்தான் எல்லாச் சமையலும் செய்கிறேன். நாலு பேருக்கு மாதம் மூன்று கிலோ ஆகிறது. வாரம் இரண்டு மூன்று நாள் தேங்காய்ப்பால் குழம்பும் உண்டு. போன வாரம் என் கணவருக்கு ரத்தம் எடுத்தார்கள். அவருக்கு வயது 49, சர்க்கரை நோய் இல்லை. கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 3.5இலிருந்து 4.2 ஆகிவிட்டது. எச்டிஎல்லும் 1.1இலிருந்து 1.2 ஆகியிருக்கிறது. மூன்று மாதம் சாப்பாட்டில் கவனமாக இருங்கள், இறங்காவிட்டால் மருந்துதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல கொழுப்பும் ஏறியிருப்பதால் பயமில்லை என்கிறார் கணவர். மாமனாருக்கு 81 வயது, தோட்டத்தில் தேங்காய் எண்ணெயிலேயே வளர்ந்தவர், இதயத்தில் ஒரு குறையும் இல்லை. நான் இந்த எண்ணெயை நிறுத்தணுமா, தொடரலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

தேங்காய் எண்ணெயை வீட்டைவிட்டே துரத்த வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டின் முதன்மைச் சமையல் எண்ணெயாக அது இனி இருக்க வேண்டாம், குறிப்பாக உங்கள் கணவரின் தட்டுக்கு. அவருடைய ரத்தப் பரிசோதனையில் வந்த மாற்றம், இந்த எண்ணெயைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றோடு அப்படியே பொருந்துகிறது. எப்படி என்று உங்கள் வீட்டுக் கணக்கை வைத்தே சொல்கிறேன். நீங்கள் அளவைக் குறிப்பிட்டு எழுதியது எனக்குப் பெரிய உதவி. பினாங்கில் உணவு ஆலோசனைக்கு என்னிடம் வருபவர்களில் பலர் "கொஞ்சம்தான் ஊத்துவேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

மூன்று கிலோவை நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் பங்கிட்டால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். தேநீர்க் கரண்டியால் அளந்தால் ஐந்தரைக் கரண்டி. பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கொட்டுவீர்கள், அதனால் வயிற்றுக்குள் போவது சற்றுக் குறைவாக இருக்கலாம். சரி, கணக்குக்கு 25 என்றே வைத்துக்கொள்வோம். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்கு அளவுக்கு நிறைவுற்ற கொழுப்பு, அதாவது ரத்தத்தில் எல்டிஎல்லை ஏற்றும் வகை. வெண்ணெயில்கூட நூற்றுக்கு ஐம்பதுதான். ஆக அந்த 25 கிராமில் 21 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் கொழுப்பிலிருந்து வரக்கூடாது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஆணுக்கு அது 22 கிராம். அதாவது கோழி, முட்டை, பால், நாசி லெமாக் எதையும் தொடுவதற்கு முன்பே, எண்ணெய் ஒன்றே அந்த நாளின் ஒதுக்கீட்டை ஏறக்குறைய முடித்துவிடுகிறது.

நீங்கள் முன்பு ஊற்றிய செம்பனை எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்கு 43 அளவில் இருக்கும். அதே 25 கிராமுக்கு 11 கிராம். எண்ணெயின் அளவு ஏறவில்லை, சமையலும் மாறவில்லை. ஆனாலும் உங்கள் கணவரின் நிறைவுற்ற கொழுப்பு ஏழு மாதமாக தினமும் 10 கிராம் கூடியிருக்கிறது.

"தேங்காய் எண்ணெய் நல்லதா, கெட்டதா" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது என்று நான் சொல்வது இதனால்தான். எண்ணெயைத் தனியாக யாரும் குடிப்பதில்லை. ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்கிறோம். எதை எடுத்தோம் என்பதுதான் ரத்தத்தில் தெரியும். வெண்ணெய்க்குப் பதிலாக வந்தால் தேங்காய் எண்ணெய் நல்லதாகக்கூடத் தெரியும். கடலை எண்ணெய்க்கோ சூரியகாந்தி எண்ணெய்க்கோ பதிலாக வந்தால் அப்படித் தெரியாது.

இதற்கு இருக்கும் ஆதாரங்களில் வலுவானது, 2020இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. மனிதர்களுக்குத் தேங்காய் எண்ணெயையும் வேறு எண்ணெய்களையும் கொடுத்து ஒப்பிட்ட 16 ஆய்வுகளை அவர்கள் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சூரியகாந்தி, சோயா, ஆலிவ் போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால், தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை சராசரியாக லிட்டருக்கு 0.27 மில்லிமோல் ஏற்றியது. செம்பனை எண்ணெயோடு ஒப்பிட்டபோது ஏற்றம் 0.53 வரை போனது. உங்கள் கணவருக்கு ஏறியது 0.7. ஒரே ஆளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை ரத்தம் எடுத்தாலும் எல்டிஎல் 0.2, 0.3 அளவுக்கு முன்பின் வரும். அதைக் கழித்துப் பார்த்தால், இந்த ஆய்வின் கணக்கும் உங்கள் வீட்டுக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

நம் நாட்டிலேயே செய்த ஆய்வும் உண்டு. 1991இல் வெளியான அதில் மலேசியர்கள் 83 பேருக்கு நம் ஊர்ச் சாப்பாட்டையே, எண்ணெயை மட்டும் மாற்றி மாற்றிச் சமைத்துக் கொடுத்தார்கள். தேங்காய் எண்ணெயில் சமைத்த வாரங்களில் மொத்தக் கொலஸ்ட்ரால் பத்து விழுக்காட்டுக்கும் மேல் ஏறியது. செம்பனைக்கோ சோள எண்ணெய்க்கோ மாறியபோது இறங்கியது. ஐரோப்பியர்களுக்கு வேறு, நமக்கு வேறு என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வது வழக்கம்.

இனி எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்த செய்திகளில் இரண்டு ஆய்வுகள் நிச்சயம் இருந்திருக்கும். இரண்டுமே உண்மையானவை. ஆனால் அவை சொல்வது ஒன்று, பகிர்பவர்கள் சொல்வது இன்னொன்று.

முதலாவது 2018இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. ஐம்பது வயதைக் கடந்த ஏறத்தாழ 90 பேர் நாலு வாரம் தினமும் 50 கிராம் கொழுப்பு சாப்பிட்டார்கள். சிலருக்குத் தேங்காய் எண்ணெய், சிலருக்கு வெண்ணெய், சிலருக்கு ஆலிவ் எண்ணெய். வெண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு எல்டிஎல் ஏறியது. தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் ஆலிவ் சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. நானே இதை முதலில் படித்தபோது இரண்டு முறை திரும்பப் படித்தேன். ஒழுங்காகச் செய்த ஆய்வுதான், அதை ஒதுக்க முடியாது. ஆனால் நாலு வாரம் என்பது குறுகிய காலம். அவர்கள் அந்த எண்ணெயை வழக்கமான சாப்பாட்டில் சேர்த்தோ, கூடுதலாகவோ அவரவர் விருப்பப்படி சாப்பிட்டார்கள். பதினாறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது பெரும்பாலானவை ஒரு பக்கம் சாய்ந்தால், தனியாக நிற்கும் ஒன்றை வைத்து வீட்டுச் சமையலை நான் முடிவு செய்யமாட்டேன்.

இரண்டாவது கேரளத்தின் கொச்சியில் நடந்து 2016இல் வெளியானது. நமக்கு இது இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் குழம்பு, பொரியல் சாப்பிடும் மக்களிடம் செய்தது. ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 200 பேரில் பாதிப் பேர் தேங்காய் எண்ணெயிலும் மீதிப் பேர் சூரியகாந்தி எண்ணெயிலும் இரண்டு வருடம் சமைத்துச் சாப்பிட்டார்கள். கொழுப்பு அளவுகளிலும் சரி, இதயக் கோளாறுகளிலும் சரி, குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. "இதய நோயாளிக்கே ஒன்றும் ஆகவில்லை" என்று பகிரப்படுவது இதுதான். பகிர்பவர்கள் விட்டுவிடுவது என்னவென்றால், அவர்கள் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்து உள்ளிட்ட முழு இதய சிகிச்சையில் இருந்தவர்கள். ஸ்டேட்டின் எல்டிஎல்லை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறக்கவல்லது. அவ்வளவு பலமான மருந்து வேலை செய்யும் உடம்பில், எண்ணெய் உண்டாக்கும் சின்ன வேறுபாடு அடியில் மறைந்துபோகும். தவிர, மாரடைப்பு கூடுகிறதா குறைகிறதா என்று கண்டுபிடிக்க 200 பேரும் இரண்டு வருடமும் போதாது. மருந்து எடுக்காத உங்கள் கணவருக்கு அந்த ஆய்வு பொருந்தாது.

ஆதாரத்தின் எல்லையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு கூடியது என்று நேரடியாகக் காட்டும் பெரிய, நீண்ட ஆய்வு எதுவும் இல்லை. நம்மிடம் இருப்பது, அது எல்டிஎல்லை ஏற்றுகிறது என்பதற்கான ஆதாரமும், எல்டிஎல் இதயக் குழாய்களை அடைக்கிறது என்பதற்கான மிக உறுதியான ஆதாரமும்தான். ஸ்டேட்டின் ஆய்வுகளில் எல்டிஎல் ஒரு மில்லிமோல் இறங்கும்போது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகின்றன. இரண்டையும் இணைத்துத்தான் நான் இந்த ஆலோசனையைச் சொல்கிறேன்.

உங்கள் கணவர் சொல்லும் "நல்ல கொழுப்பு" விஷயத்துக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் எச்டிஎல்லை ஏற்றும், அது உண்மை. சிங்கப்பூர் தொகுப்பிலும் 0.1 மில்லிமோல் ஏறியது, அவருக்கு ஏறியதும் அதே 0.1தான். எச்டிஎல் இயல்பாகவே கூடுதலாக உள்ளவர்களுக்கு இதய நோய் குறைவாக இருப்பதைப் பார்த்து, அதை ஏற்றிவிட்டால் போதும் என்றுதான் மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் நம்பியது. அதற்கென்றே டார்செட்ராபிப் என்ற மருந்தைச் செய்தார்கள். அது எச்டிஎல்லை ஏகத்துக்கும் ஏற்றியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். பின்னால் வந்த அதே வகை மருந்துகள் சிலவும் எச்டிஎல்லை ஏற்றியும் பலன் தரவில்லை. எச்டிஎல் ஏறியதை, எல்டிஎல் ஏறியதற்கு ஈடாகக் கழித்துப் பார்க்க முடியாது என்பது அதற்குப் பிறகு தெளிவாகிவிட்டது. உங்கள் கணவரின் அறிக்கையில் பார்க்க வேண்டிய எண் 4.2 மட்டுமே.

செக்கில் ஆட்டியது என்பதால் வேறுபாடு வராதா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். வாசத்தில் வரும், சில இயற்கைச் சத்துகள் சிறு அளவில் எஞ்சியிருக்கும். ஆனால் கொழுப்பின் அமைப்பு கடையில் விற்கும் சுத்திகரித்த தேங்காய் எண்ணெயில் உள்ளது போலத்தான். பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். "நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, கல்லீரலுக்கு நேராகப் போய் எரிந்துவிடும்" என்ற பேச்சு, ஆய்வுக்கென்று தனியாகப் பிரித்தெடுத்த வேறொரு எண்ணெயைப் பற்றியது. அதில் இருப்பவை கேப்ரிலிக், கேப்ரிக் என்ற இன்னும் குட்டையான அமிலங்கள். தேங்காய் எண்ணெயில் அவை இரண்டும் சேர்த்து நூற்றுக்கு 15 அளவுதான். லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி மற்ற கொழுப்புகளைப் போலவே நிணநீர் வழியாகச் சுற்றிப் போய்த்தான் ரத்தத்தில் கலக்கிறது.

உங்கள் மாமனாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை அலட்சியப்படுத்த எனக்கு மனம் வராது. என் பாட்டியும் கெடாவில் ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவர்தான். வீட்டிலேயே எண்ணெய் காய்ச்சுவார். பத்துப் பதினைந்து தேங்காயைத் துருவி, பிழிந்து, விறகடுப்பில் மணிக்கணக்கில் கிளறினால் ஒரு போத்தல் தேறும். அந்த ஒரு போத்தல்தான் தலைக்கும், விளக்குக்கும், தாளிப்புக்கும். விடியுமுன் பால் மரம் வெட்டப் போய், நாள் முழுக்க மேடும் பள்ளமுமாக நடந்தவர்கள் அவர்கள். எண்ணெய் என்பது கரண்டியின் நுனியில் இருந்தது. இன்று கடையில் கிலோக் கணக்கில் வாங்கி, அதே எண்ணெயில் அப்பளமும் வடையும் பொரித்து, பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவரோடு அந்த வாழ்க்கையை ஒப்பிட முடியாது.

இதையே ஒரு மக்கள் கூட்டத்தில் பார்த்த ஆய்வும் உண்டு. பசிபிக் தீவுகளான டோக்கெலாவிலும் புக்காபுக்காவிலும் மக்கள் தேங்காயையே முதன்மை உணவாகக் கொண்டிருந்தார்கள். டோக்கெலாவில் கலோரியில் நூற்றுக்கு 63 தேங்காயிலிருந்து, புக்காபுக்காவில் 34. இரண்டு இடத்திலும் இதய நோய் அரிதாகவே இருந்தது என்று 1981இல் எழுதினார்கள். தேங்காய் எண்ணெய்க்கு வக்காலத்து வாங்குபவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே கட்டுரையில், தேங்காய் அதிகம் சாப்பிட்ட டோக்கெலா மக்களுக்குத்தான் கொலஸ்ட்ராலும் அதிகம் என்று இருக்கிறது. அவர்கள் சாப்பிட்டது தேங்காயாக, மீனோடும் ஈரப்பலாவோடும். சர்க்கரை மிகக் குறைவு. எண்ணெயாகப் பிரித்து எதையும் பொரிக்கவில்லை. தேங்காயைத் துருவலாகச் சாப்பிடுவதும் எண்ணெயாக ஊற்றுவதும் ஒன்றல்ல. துருவலில் நார்ச்சத்து இருக்கிறது, ஒரு கைப்பிடிக்கு மேல் போடவும் மாட்டோம்.

அப்புறம், சமையலறையில் என்ன செய்வது?

முதலில் எண்ணெயின் அளவை மாதம் மூன்று கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். போத்தலைச் சாய்த்து ஊற்றுவதை விட்டு, தேநீர்க் கரண்டியால் எடுத்துச் சட்டியில் விடுங்கள். புதுப் பொட்டலம் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே எழுதிவைத்தால், எத்தனை நாளில் முடிகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். பெரும்பாலும் பொரிப்பதில்தான் போகிறது என்பதை முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். அப்பளத்தைச் சுட்டுச் சாப்பிடுவதும் மீனை வாழையிலையில் வாட்டுவதும் நம் வீடுகளுக்குப் புதிதல்ல.

அந்த இரண்டு கிலோவில் ஒன்றேமுக்கால் கிலோ கடலை எண்ணெயாகவோ, நல்லெண்ணெயாகவோ, கனோலாவாகவோ, சூரியகாந்தியாகவோ இருக்கட்டும். விலையைப் பார்த்து மாற்றி மாற்றி வாங்கலாம். மீதிக் கால் கிலோ உங்கள் செக்குத் தேங்காய் எண்ணெய். அதில் வதக்க வேண்டாம். அவியல், கூட்டு, சொதி இறக்கும்போது மேலாக ஒரு கரண்டி விடுங்கள். சூடான கூட்டில் பச்சையாக விட்டால்தான் அதன் வாசம் முழுமையாக எழும். வதக்கும்போது அந்த வாசம் பாதி ஆவியாகிப் போய்விடுகிறது. இப்படிச் செய்தால் உங்கள் கணவருக்கு எண்ணெயிலிருந்து வரும் நிறைவுற்ற கொழுப்பு 21 கிராமிலிருந்து 4 கிராமுக்கு இறங்கும். செலவு கட்டுப்படியாகாமல் செம்பனை எண்ணெயையே அந்த இடத்தில் வைத்தாலும் 8 கிராமில் நிற்கும். கடலை எண்ணெய் அளவுக்கு நல்லதல்ல, ஆனாலும் இப்போதைய நிலைக்கு எவ்வளவோ மேல்.

தேங்காய்ப்பாலை மறந்துவிடாதீர்கள். எண்ணெயை மாற்றிவிட்டுப் பாலை அப்படியே விட்டவர்களுக்குப் பரிசோதனை எண் ஏன் இறங்கவில்லை என்று புரியாமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். கெட்டியான பாலில் 100 மில்லிக்கு 20 கிராம் கொழுப்பு அளவில் இருக்கும், அதுவும் அதே தேங்காய் எண்ணெய்தான். 200 மில்லி பொட்டலம் ஒன்றைக் குழம்பில் ஊற்றினால் நாலு பேருக்கும் தலைக்கு 9 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. வாங்கும் பொட்டலத்தின் பின்பக்கத்தில் 100 மில்லிக்கு எவ்வளவு கொழுப்பு என்று அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் பாதிப் பொட்டலத்தைத் தண்ணீர் விட்டு நீர்த்து, கெட்டிக்கு ஒரு கை வேகவைத்த பாசிப்பருப்பை மசித்துச் சேருங்கள். அவர் வெளியில் பசியாறும் நாசி லெமாக்கும் இந்தக் கணக்கில் சேரும்.

ஒரு எச்சரிக்கை. எண்ணெயைக் குறைத்த இடத்தில் கூடுதல் சோறோ, இனிப்புக் கலந்த தேநீரோ, பிஸ்கட்டோ நுழையக்கூடாது. நிறைவுற்ற கொழுப்பின் இடத்தைச் சர்க்கரையும் மாவும் பிடித்தால் இதயத்துக்குக் கிடைக்க வேண்டிய பலன் கிடைக்காது. பசித்தால் கொண்டைக்கடலைச் சுண்டலோ வேர்க்கடலையோ கொடுங்கள்.

உணவை மாற்றினால் எல்டிஎல் ஆறு வாரத்திலேயே புதிய அளவுக்கு வந்துவிடும். டாக்டர் கொடுத்த மூன்று மாதம் தாராளமாகப் போதும். எட்டாவது வாரத்துக்கு மேல், முன்பு எடுத்த அதே இடத்தில் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். போன முறை வெறும் வயிற்றில் என்றால் இந்த முறையும் அப்படியே. 3.7க்குக் கீழே வந்தால் எண்ணெய்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தும் 4ஐ விட்டு இறங்கவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்டிஎல் ஏறும், அதைப் பரிசோதிக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கணவரின் அப்பாவுக்கோ சகோதரர்களுக்கோ ஐம்பத்தைந்து வயதுக்கு முன், அம்மாவுக்கோ சகோதரிகளுக்கோ அறுபத்தைந்து வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஒருவேளை எல்டிஎல் இறங்கியும் டாக்டர் மருந்து வேண்டும் என்றால், அவருடைய ரத்த அழுத்தம், புகைப் பழக்கம், குடும்ப வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்வார். அப்போது எண்ணெயை மாற்றியதைக் காரணம் காட்டி மருந்தை மறுக்க வேண்டாம்.

மாமனாரின் தட்டில் நான் கை வைக்கவில்லை. அவருடைய எல்டிஎல் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. அவரும் பரிசோதனை எடுத்து அளவு சரியாக இருந்தால், அவருக்கு மட்டும் கூட்டில் இன்னொரு கரண்டி விடுங்கள்.